மீதி 31 மாத கார் லீஸ்: திருப்பிக் கொடுப்பதா, மச்சினனுக்கு மாற்றுவதா?

கேள்வி: வணக்கமுங்க. திருப்பூரில் எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறேன். ஆர்டர் நன்றாக ஓடிய சமயத்தில் என் பெயரில் ஒரு சின்ன பெட்ரோல் காரை 48 மாத லீஸில் எடுத்தேன். வாடகை 22,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 25,960. டெபாசிட் 66,000. 17 மாதம் கட்டிவிட்டேன். வண்டி 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது 12 மெஷினில் ஐந்துதான் ஓடுகிறது. காரை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். பாதியில் முடித்தால் மீதி வாடகையில் 50 சதவீதம் கட்ட வேண்டுமாம். போனில் கேட்டால் "நாலு லட்சம் ஆகும்" என்கிறார்கள். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்யும் என் மச்சினன், வண்டியைத் தான் வைத்துக்கொண்டு மாதாமாதம் எனக்குப் பணம் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமுங்களா? இல்லை, ஈ.சி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு வண்டியைக் கொண்டுபோய் அவர்கள் ஆபீசில் நிறுத்திவிடலாமுங்களா? ஒப்பந்த நகலும் கடைசி பில்லும் இதோடு வைத்து அனுப்பியிருக்கிறேன்.
- திருப்பூர் வாசகர்

பதில்: முதலில் ஈ.சி.எஸ். அதைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் வெளியே வருவதற்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று, 30 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, சொன்ன தொகையைக் கட்டிவிட்டு நீங்களாக வருவது. இன்னொன்று, நீங்கள் தவணை தவறியதால் அவர்கள் உங்களை வெளியே தள்ளுவது. முதல் வாசலில் மீதி வாடகையில் பாதி. இரண்டாவது வாசலில் மீதி வாடகை முழுவதும், அதற்குத் தாமத வட்டி, வண்டியைத் தூக்கிவர ஆன செலவு, வக்கீல் செலவு. இரண்டு பிரிவும் நான்கு பக்க இடைவெளியில் இருப்பதால் பலர் ஒன்றை மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். பணமில்லாமல் ஈ.சி.எஸ். திரும்பினால் செக் திரும்பியதற்குச் சமமான வழக்குப் போட, 2007-ஆம் ஆண்டு பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இடம் தருகிறது. சாவியை அவர்கள் ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வருவது உங்களுக்கு வேண்டுமானால் மரியாதையாகத் தோன்றலாம். ஒப்பந்தம் அதையும் தவணை தவறியதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து அந்த நாலு லட்சம். போனில் சொன்னவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, ஆனால் முழுக்கணக்கையும் சொல்லவில்லை. மீதி 31 மாதம், மாதம் 22,000 என்றால் 6,82,000. அதில் பாதி 3,41,000. இதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 61,380. ஆக 4,02,380. "அபராதத்துக்குமா ஜி.எஸ்.டி.?" என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கான நஷ்டஈட்டுக்கு வரி இல்லைதான். ஆனால் லீஸை முன்கூட்டி முடித்துக்கொள்ள இரு தரப்பும் ஆரம்பத்திலேயே பேசி வைத்த தொகை அபராதம் ஆகாது, அது ஒரு வசதிக்கான கட்டணம் என்று மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. லீஸ் வாடகைக்கு என்ன விகிதமோ அதே விகிதம்தான் இதற்கும். அந்த வரியை நீங்கள் கிரெடிட் எடுக்கவும் முடியாது. 13 பேர் வரை உட்காரும் வண்டிக்கு, வாங்கினாலும் லீஸ் எடுத்தாலும், உங்களைப் போன்ற தொழிலுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எனவே ஜி.எஸ்.டி. என்று பில்லில் வருவதெல்லாம் உங்கள் கைக்காசு.

(இடையில் ஒன்று: நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி. வரையான பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22 முதல். அதற்கு முன்பு எடுத்த லீஸாக இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகான பில்களிலும் விகிதம் இறங்கியிருக்க வேண்டும். உங்கள் கடைசி பில் சரியாக இருக்கிறது. நடுவில் ஏதாவது ஒரு மாதம் பழைய விகிதத்தில் போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.)

போனில் சொல்லாமல் விட்டது கிலோமீட்டர். ஒப்பந்தத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள்: வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர், அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 ரூபாய், அதற்கு வரி தனி. நாலு வருடம் முழுசாக ஓடினால் 60,000 வரை இடம் உண்டு. 31,000 ஒன்றும் பயப்படும் எண்ணிக்கை இல்லை. ஆனால் பாதியில் திருப்பினால் "வண்டி உங்களிடம் இருந்த மாதங்களுக்கு விகிதப்படி" என்று அதே அட்டவணையின் அடிக்குறிப்பு சொல்கிறது. மாதம் 1,250 வீதம் 17 மாதத்துக்கு 21,250தான் அனுமதி. நீங்கள் 9,750 கூட ஓட்டியிருக்கிறீர்கள். பையரைக் கூட்டிவர வாரா வாரம் பீளமேடு ஏர்போர்ட்டுக்குப் போய்வந்தால் இவ்வளவு ஆகத்தான் செய்யும். ஆறு ரூபாய் வீதம் 58,500, வரியோடு 69,030. இப்போது மொத்தம் 4,71,410. டெபாசிட் 66,000-ஐக் கழித்தால் 4,05,410. பம்பர் கீறல், டயர் தேய்மானம், சீட் கறை என்று அவர்கள் ஆள் வந்து பார்த்து எழுதுவது இதற்கு மேலே.

ஆக, வண்டியை அப்படியே திருப்பிக் கொடுத்தால் நாலு லட்சம் போய், கையில் வண்டியும் இருக்காது. இந்த வழியைக் கடைசியாக வைத்துக்கொள்வோம்.

அதற்காக நாளைக்கே ஏதாவது முடிவெடுத்தாக வேண்டும் என்று பதறவும் வேண்டியதில்லை. இந்த 50 சதவீத ஷரத்தில் ஒரு குணம் இருக்கிறது. நீங்கள் இன்னும் ஒரு மாத வாடகை 25,960 கட்டினால், மீதி மாதம் ஒன்று குறைகிறது. முடிப்புத் தொகையும் அதில் பாதி, அதாவது 12,980 குறைகிறது. அந்த மாதம் வண்டியை எடுக்காமல் நிறுத்தியே வைத்தால் கிலோமீட்டர் அனுமதி 1,250 ஏறுகிறது. அந்தக் கணக்கில் வரியோடு 8,850 குறைகிறது. கூட்டிக் கழித்தால், நல்ல ஆளாகத் தேடுவதற்கு ஒரு மாதம் கூடுதலாக எடுத்துக்கொள்வதில் உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவு 4,130 ரூபாய். கையில் ரொக்கம் போகும் என்பது வேறு கஷ்டம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவசரத்தில் நாலு லட்சத்தைக் கட்டிவிட்டு வருவதைவிட, வண்டியை யூனிட் ஷெட்டுக்குள் நிறுத்திவிட்டு இரண்டு மாதம் பொறுமையாகப் பேசுவது நிச்சயம் மலிவு. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பேட்டரியைக் காப்பாற்றினால் போதும்.

அந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, லீஸ் கம்பெனியிடம் மெயிலில் இரண்டு கணக்கு கேட்பது. போன் வேண்டாம். ஒன்று, வண்டியைத் திருப்பிக் கொடுத்து முடிப்பதற்கான கணக்கு. இரண்டு, வண்டியை நீங்களே வாங்கி முடிப்பதற்கான கணக்கு. இரண்டாவதைக் கேட்காவிட்டால் அவர்களாகத் தர மாட்டார்கள். அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறது: "மீதி வாடகைகளின் இன்றைய மதிப்பும், வண்டியின் மீதி மதிப்பின் இன்றைய மதிப்பும் சேர்ந்த தொகையைச் செலுத்தி" வாங்கிக்கொள்ளலாம். மீதி மதிப்பு என்பது 48-ஆவது மாதம் முடியும்போது வண்டி எவ்வளவு பெறும் என்று அவர்கள் முதல் நாளே போட்டுவைத்த விலை. ரெசிடுவல் என்று சொல்வார்கள். உங்களுக்கு அது 4 லட்சம்.

இந்த ஷரத்தில் எல்லாமே "இன்றைய மதிப்பு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. இன்றிலிருந்து 31-ஆவது மாதம் வரவேண்டிய 22,000 ரூபாயை இன்றைக்கே வாங்கிக்கொண்டால் அவர்களுக்கு அத்தனை மாத வட்டி லாபம். அந்த வட்டியைக் கழித்துக்கொண்டு வாங்குவதுதான் நியாயம். எத்தனை சதவீதத்தில் கழிப்பது என்பதை உங்கள் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 12 என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் மீதி வாடகை 5,83,930 ஆகவும், ரெசிடுவல் 2,93,830 ஆகவும் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து 8,77,760. கழிக்காமல் அப்படியே கூட்டியிருந்தால் 10,82,000. ஒரே ஒரு சொல்லில் இரண்டு லட்சத்து நாலாயிரம் வித்தியாசம். வேறு வாசகர்கள் இதைப் படித்தால் அவரவர் ஒப்பந்தத்தில் கழிவு விகிதம் எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சிலர் 4 அல்லது 5 சதவீதம் போட்டுவைப்பார்கள். அப்போது கழிவு பெயருக்குத்தான்.

8,77,760-க்கு 18 சதவீத வரி சேர்ந்து 10,35,757 ஆகும். பழைய வண்டி விற்பனையில் லாபத்துக்கு மட்டும் ஜி.எஸ்.டி. என்று ஒரு சலுகை இருப்பது உண்மை. ஆனால் வண்டியை வாங்கும்போது உள்ளீட்டு வரி வரவு எடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. லீஸ் கம்பெனிகள் பொதுவாக எடுத்திருப்பார்கள், எனவே முழுத்தொகைக்கும் வரி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட்டைக் கழித்தால் நீங்கள் புரட்ட வேண்டியது 9,69,757. அவிநாசி ரோட்டில் இரண்டு யூஸ்டு கார் கடைக்காரர்களிடம் உங்கள் வண்டியின் மாடலையும் ஓட்டத்தையும் சொல்லிக் கேட்டேன். ஒருவர் 7 லட்சம் என்றார், இன்னொருவர் பார்த்துவிட்டு 7.40 வரை போகலாம் என்றார். நடுவில் 7.20 என்று வைத்தால், வாங்கி விற்றதில் டெபாசிட் போக நஷ்டம் 2,49,757. வண்டி உங்களுடையதாகிவிடுவதால் கிலோமீட்டர் கட்டணமும் கிடையாது, கீறலைக் கணக்கெடுக்க ஆளும் வராது. திருப்பிக் கொடுப்பதைவிட ஒன்றரை லட்சம் மிச்சம்.

ஆனால் இந்த வழிக்குச் சில நாட்களுக்காவது பத்து லட்சம் ரொக்கம் வேண்டும். முதலில் பணம் கட்டி, அவர்கள் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் இருக்கும் லீஸ் குறிப்பை நீக்கிய பிறகுதான் வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியும். பெரிய கடைக்காரர்கள் சிலர் நேராக லீஸ் கம்பெனிக்கே பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துக்கொள்வார்கள். வித்தியாசத் தொகையை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். விலையில் பத்து இருபதாயிரம் குறைத்துப் பேசுவார்கள், பரவாயில்லை. உங்கள் ஆர்.சி. உங்கள் பெயரில், தமிழ்நாட்டு நம்பரில், வெள்ளை போர்டில் இருப்பது பெரிய வசதி. பெங்களூரு கம்பெனியிடம் எடுத்த சிலருக்கு கர்நாடக நம்பர் இருக்கும். அதை இங்கே விற்கப் போனால் அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே சாலை வரி என்று வாங்குபவர் அந்தச் செலவையெல்லாம் விலையில் இறக்கிவிடுவார்.

பேரம் பேச சட்டத்தில் பிடி இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, மீறலுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான். நீதிமன்றம் அதற்கு உட்பட்டு நியாயமான ஈட்டைத்தான் கொடுக்கும். ஃபதே சந்த் வழக்கில் 1963-லும் கைலாஷ் நாத் வழக்கில் 2015-லும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. ஆனால் இது மீறலுக்கான பிரிவு. நீங்கள் நோட்டீஸ் கொடுத்து, விலை கொடுத்து வெளியேறும் உரிமையைப் பயன்படுத்தினால் அது மீறல் இல்லை, அந்தப் பிரிவு நேராகப் பொருந்தாது என்று அவர்கள் வக்கீல் வாதாடுவார். அந்த வாதத்தில் சாரமும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் சென்னையில் என்று வேறு போட்டிருக்கிறது. வழக்காடி ஜெயிப்பதற்கு இது உதவாது. மெயிலில் மரியாதையாக எழுதிக் கேட்க உதவும்: "வண்டி திரும்பி வந்ததும் நீங்கள் விற்கப் போகிறீர்கள், விற்ற விலை உங்கள் புத்தக மதிப்பைத் தாண்டினால் அதை எனக்குக் கழித்துத் தருவீர்களா?" இப்படி ஒரு வரி எழுதி முடிப்புத் தொகையில் சில மாத வாடகையைக் குறைத்துக்கொண்டவர்கள் என் கட்சிக்காரர்களிலேயே உண்டு.

இனி மச்சினன் விஷயம். அவர் சொல்லும் ஏற்பாட்டை, அதாவது வண்டி அவரிடம், பேப்பர் உங்களிடம், பணம் மாதாமாதம் உங்கள் கணக்குக்கு என்பதை, வேண்டவே வேண்டாம் என்கிறேன். அவர் நல்லவரா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. லீஸில் இருக்கும் வண்டிக்கு, ஒப்பந்தப்படி அதை வைத்திருப்பவர்தான் உரிமையாளர் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு சொல்கிறது. பேப்பரில் அந்த ஆள் நீங்கள். பெருந்துறை ரோட்டில் அவர் டிரைவர் லைசென்ஸ் காலாவதியான நிலையில் ஒருவர் மேல் ஏற்றிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க வரலாம். வண்டி சேதத்துக்கான கிளெய்மில் "வண்டி ஏன் வேறொருவர் வசம் நிரந்தரமாக இருந்தது?" என்ற கேள்வி வரும். இ-சலான் எல்லாம் உங்கள் போனுக்கு வரும். இதையெல்லாம்விட, உள்வாடகைக்கு விடுவதை உங்கள் ஒப்பந்தம் தனி வரியில் தடுத்திருக்கிறது. அது தெரிந்தால் நான் முதலில் சொன்ன இரண்டாவது வாசலைத் திறந்துவிடுவார்கள்.

அதே மச்சினனுக்கு லீஸையே முறையாக மாற்றிக் கொடுப்பது வேறு. அதற்கு லீஸ் கம்பெனி, நீங்கள், அவர் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போடும் முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும். பழைய ஒப்பந்தம் போய் அந்த இடத்தில் புதியது வருகிறது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு. கம்பெனி சம்மதிக்காமல் உங்கள் கடனை இன்னொருவர் தலையில் ஏற்ற முடியாது. அவருடைய மூன்று வருட வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், சிபில் எல்லாம் பார்ப்பார்கள். மஞ்சள் வியாபாரிகளுக்கு வருமானம் சீசனில் மொத்தமாக வந்து மற்ற மாதங்களில் கணக்கு காலியாகத் தெரியும். வருட முழுமைக்குமான ஸ்டேட்மென்ட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள், ஆறு மாதம் மட்டும் கொடுத்தால் நிராகரித்துவிடுவார்கள். மாற்றுக் கட்டணம் உங்கள் அட்டவணையில் 15,000, வரியோடு 17,700. ஆர்.சி. அவர் பெயருக்கு மாற படிவம் 29, 30, கம்பெனியின் தடையில்லாச் சான்று, லீஸ் குறிப்பு தொடரும் என்ற பதிவு எல்லாம் வேண்டும்; ஏஜென்ட் செலவோடு ஐந்தாயிரம் வைத்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸையும் பெயர் மாற்றத்திலிருந்து 14 நாளுக்குள் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த முத்தரப்பு ஒப்பந்தத்தில் நான் தேடும் வரி ஒன்றே ஒன்று: மாற்றுத் தேதிக்குப் பிறகான எந்தப் பொறுப்பிலிருந்தும் பழைய லீஸ்தாரரும் அவருடைய ஜாமீன்தாரரும் விடுவிக்கப்படுகிறார்கள் என்ற வரி. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் ஆபீஸ் காரை, தெரிந்த ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன். கட்டணம் கட்டினோம், ஆர்.சி. மாறியது, என் ஈ.சி.எஸ். நின்றது, முடிந்தது என்று மறந்தே போனேன். ஒன்றரை வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸ். வாங்கியவர் நாலு தவணை தவறியிருக்கிறார். மாற்றுக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் "முதல் லீஸ்தாரர் தொடர்ந்து உத்தரவாதியாக இருப்பார்" என்று இருந்ததை, ஊர் உலகத்துக்கெல்லாம் ஒப்பந்தம் படித்துச் சொல்லும் நானே கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவருடைய பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டித்தான் சிபிலைச் சுத்தம் செய்தேன். உங்கள் ஒப்பந்தத்தில் உங்கள் வீட்டம்மா ஜாமீன் போட்டிருக்கிறார். அவர் பெயரும் அந்த விடுவிப்பு வரியில் வரவேண்டும்.

அடுத்து மச்சினனுக்கு இது லாபமா என்று பார்க்க வேண்டும். சொந்தத்துக்குள் பேசும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, பின்னால் விசேஷ வீட்டில் முகம் பார்க்காமல் போவது இதனால்தான். அவர் 31 மாதம் 25,960 கட்டினால் எட்டு லட்சத்துச் சொச்சம். கடைசியில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வருவார். இதே வண்டியை வெளியே 7.20-க்கு, 12 சதவீத வட்டிக் கடனில், அதே 31 மாதத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 27,100 வரும். கடைசியில் நாலு லட்சம் பெறும் வண்டி அவருடையது. லீஸில் இன்சூரன்ஸும் சர்வீஸும் சேர்ந்திருக்கிறது, அதை மாதம் ஐயாயிரம் என்று மதித்தால் 31 மாதத்துக்கு ஒன்றரை லட்சம் அவருக்கு வரவு. அப்படியும் லீஸை ஏற்பதில் அவருக்குத்தான் இரண்டு லட்சத்துக்கு மேல் பாதகம். போதாததற்கு, நீங்கள் கூட ஓட்டிய 9,750 கிலோமீட்டரும் அவர் கணக்கில் ஏறும்: மீதி 31 மாதத்துக்கு 29,000 கிலோமீட்டர்தான் பாக்கி இருக்கிறது, மாதம் 935. ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் சரக்குப் பார்க்கப் போகிறவருக்கு அது பத்தாது.

எனவே லீஸை மாற்றுவதானால் கிலோமீட்டருக்கான 58,500-ஐயும் அதற்கு மேல் ஒரு தொகையையும் நீங்கள் அவருக்குக் கொடுப்பதுதான் நியாயம். 50,000 கூடக் கொடுத்தாலும் கட்டணம், ஆர்.டி.ஓ. செலவெல்லாம் சேர்ந்து உங்களுக்கு ஆவது 1,31,200. டெபாசிட் உங்களுக்குத் திரும்பிவிடும், அவர் புதிதாகக் கட்டுவார். வாங்கி விற்பதைவிட உங்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். அவருக்கு இன்னும் பாதகம்தான், ஆனால் பெரிய முன்பணம் போடாமல் வண்டி கிடைக்கிறது, இன்சூரன்ஸ் தலைவலி இல்லை என்று அவர் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அவர் பேங்கில் யூஸ்டு கார் கடன் எடுத்து, நீங்கள் லீஸ் கம்பெனியிடமிருந்து வாங்கும் அதே வண்டியை 7.20-க்கு அவரே வாங்கிக்கொள்ளட்டும். நஷ்டம் உங்களுக்கு இரண்டரை லட்சம் என்றாலும் அவருக்குச் சந்தை விலையில், யார் ஓட்டியது என்று தெரிந்த வண்டி. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். உங்கள் வீட்டம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும், அவருடைய தம்பிதானே.

சொந்தம் வேண்டாம், வெளியாள் பார்க்கிறேன் என்றால் வேலைக்குப் போகிற ஆளைவிட, கார் செலவைத் தொழில் கணக்கில் எழுத முடிகிற டாக்டர், ஆர்க்கிடெக்ட் போன்றவர்களைத் தேடுங்கள். வாடகை அவர்களுக்குச் செலவாக வரிக்கணக்கில் கழியும் என்பதால் லீஸ் பிடிக்கும். காலத்தை 12 மாதம் நீட்டி வாடகையைக் குறைக்கச் சொல்லும் வழியும் உண்டு. மெஷின் மீண்டும் ஓடும் என்ற நம்பிக்கை உங்களுக்கு இருந்தால் மட்டும் அதைக் கேளுங்கள், இல்லையென்றால் அது வலியை நீட்டுவதுதான்.

மாற்றம் எந்த வழியில் நடந்தாலும், வண்டி கைமாறும் நாளில் லீஸ் கம்பெனியின் ஆளை வரவழைத்து மீட்டரையும் நாலு பக்கக் கீறலையும் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட அறிக்கை வாங்குங்கள். 48-ஆவது மாதம் திருப்பும்போது பின்கதவுப் பள்ளம் யாருடையது என்று சண்டை வரக்கூடாது. உங்கள் கணக்கில் இணைத்திருக்கும் ஃபாஸ்டேக்கை அன்றைக்கே மூடுங்கள், இல்லையென்றால் விஜயமங்கலம் டோலில் அவர் போகும்போதெல்லாம் காசு உங்களுடையது. ஈ.சி.எஸ். ரத்தானதற்கான பேங்க் மெயிலும், பாதுகாப்புக்காகக் கொடுத்த செக்குகளும், உங்கள் இருவர் பெயரும் உள்ள விடுவிப்புக் கடிதமும் கைக்கு வரும் வரை இரண்டாவது சாவி உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். லீஸ் கம்பெனி அனுப்பும் இரண்டு கணக்கும் வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் கழிவு விகிதத்தை 12-ஆகவே போட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.